சிஓடி பார்சல் ஏன் திரும்புகிறது, போனில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: "இளம்பிள்ளையிலிருந்து இன்ஸ்டாகிராமில் புடவை விற்கிறேன். சிஓடியில் 100 பார்சல் அனுப்பினால் 28 திரும்பி வருகிறது. ஆர்டர் வந்ததும் போன் பண்ணி கன்ஃபர்ம் செய்துதான் அனுப்புகிறேன். அப்படியும் குறையவில்லையே, என்ன செய்வது?"

போனில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஆர்டர் போட்டிருக்கீங்க மேடம், அனுப்பலாமா?" என்று கேட்டால் "ம், அனுப்புங்க" என்றுதான் பதில் வரும். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவரும் அதையேதான் சொல்வார். பார்சல் வீட்டு வாசலுக்கு வரும்போது போனை எடுக்கமாட்டார்.

அழைப்பை மாற்றும் முன், திரும்பி வந்த பார்சல்களைக் காரணம் பார்த்துப் பிரியுங்கள். டெலிவரி நடக்காத ஒவ்வொரு முறையும் கூரியர் டாஷ்போர்டில் என்டிஆர் பகுதியில் ஒரு காரணம் பதிவாகும்: வாங்க மறுத்தார், போன் எடுக்கவில்லை, முகவரி முழுமையாக இல்லை, ஆள் வீட்டில் இல்லை. அதை அப்படியே நம்பவும் வேண்டாம். வீடு கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிய டெலிவரிப் பையன் "ஆள் இல்லை" என்று போட்டுவிட்டுப் போவது சகஜம். பத்துப் பதினைந்து பேருக்கு நீங்களே போன் செய்து, "யாராவது வந்தாங்களா? போன் வந்துச்சா?" என்று கேளுங்கள். மனம் மாறியவர் எத்தனை பேர், முகவரியால் போனது எத்தனை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கணக்கு இப்படி வைத்துக்கொள்வோம். போக 70 ரூபாய், திரும்பி வர 60, பேக்கிங் 15. இப்படி டெலிவரி ஆகாமல் திரும்பி வருவதைத்தான் ஆர்டிஓ என்கிறார்கள். ஒரு ஆர்டிஓவுக்கு 145 ரூபாய். 28 பார்சலுக்கு 4,060. புடவை பல நாள் ரோட்டில் முடங்கிக் கிடப்பதும், மடிப்பு கலைந்து வருவதும் இதில் சேரவில்லை. அதே வாடிக்கையாளர், நீங்கள் பேக் செய்வதற்கு முன்பே போனில் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு ஆன செலவு ஒரு போன் கால்தான். ஆகவே வேண்டாதவர் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகும்படி பேசுங்கள். ஆர்டர் எண்ணிக்கை குறையும், பரவாயில்லை.

போன் செய்வதற்கு முன் கடைப் பெயரோடு புடவைப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தெரியாத நம்பரைப் பலர் எடுப்பதில்லை. பிறகு போனில் இப்படிப் பேசலாம்: "அக்கா, மெரூன் கலர், 850 ரூபாய், டெலிவரி அன்னைக்கு காசு குடுக்கணும். அட்ரஸ் ஒரு தடவை சொல்லுங்க, சரிபார்த்துக்கறேன். வியாழக்கிழமை வந்தா வீட்ல யார் வாங்குவாங்க? கலர் மாத்தணும், வேண்டாம்னா இப்பவே சொல்லலாம், ஒண்ணும் பிரச்சனை இல்லை." முகவரியை நீங்கள் படிக்காமல் அவர் சொல்லக் கேட்பது முக்கியம். நீங்கள் படித்தால் தப்பான பின்கோடுக்கும் "ஆமாம்" என்றே வரும். பகலில் எடுக்காதவருக்கு மாலை 6 மணிக்கு மேல் இன்னொரு முறை. அப்போதும் இல்லை, வாட்ஸ்அப்பிலும் பதில் இல்லை என்றால் பார்சலை நிறுத்திவையுங்கள். அவரே திரும்பி வந்தால் 100 ரூபாய் முன்பணம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

முகவரியில் முதலில் பார்க்க வேண்டியது பின்கோடு. கதவு எண் தப்பாக இருந்தால் டெலிவரிப் பையன் போனில் கேட்டு வந்துவிடுவார். பின்கோடு தப்பானால் பார்சல் வேறு ஊர் ஹப்புக்கே போய்விடும். அங்கிருந்து சரியான ஊருக்குத் திருப்பிவிடுவது கடினம், பெரும்பாலும் ஆர்டிஓ ஆகிவிடும். முதல் மூன்று இலக்கங்களை ஊரோடு ஒப்பிட்டாலே பாதிப் பிழை பிடிபடும்: மதுரை 625, கோவை 641, சென்னை 600. ஊர் கோவை என்றிருந்து, பின்கோடு 625 என்று தொடங்கினால் உடனே கேளுங்கள். காந்தி நகர், புதூர் போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருப்பதால் தெருப் பெயரை வைத்து நாமே ஊகித்துத் திருத்தக் கூடாது.

சென்னை முகவரி என்றால் பழைய எண், புதிய எண் இரண்டையும் வாங்குங்கள். கிராமம் என்றால் ரேஷன் கடை, வாட்டர் டேங்க், கோவில் என்று பக்கத்தில் இருக்கும் அடையாளமும், வீட்டில் இன்னொருவரின் போன் நம்பரும் வேண்டும். ஆர்டர் ஃபார்மில் கதவு எண், தெரு, அடையாளம் மூன்றையும் தனித்தனிக் கட்டமாக வைத்தால் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று மட்டும் எழுதி அனுப்புவது குறைந்துவிடும்.

அழைப்பால் சரியாகாத ஒன்றும் உண்டு. திங்களன்று ஆசையாகச் சரி சொன்னவர், பார்சல் அடுத்த வாரம் வந்தால் கையில் காசில்லாமல் மறுத்துவிடலாம். அதற்கு வழி, கன்ஃபர்ம் ஆன அன்றே பார்சலைக் கூரியரிடம் கொடுப்பது. அனுப்பியபின் என்டிஆர் பகுதியைத் தினமும் மாலை திறந்து பாருங்கள். பொதுவாக மூன்று முயற்சிக்குப் பிறகு கூரியர் பார்சலைத் திருப்பிவிடும். முதல் முயற்சி தவறிய அன்றே வாடிக்கையாளரிடம் பேசி, அவர் சொல்லும் நாளையும் அடையாளத்தையும் போட்டு மறுமுயற்சி கேட்டால் மீட்க வாய்ப்புண்டு. மூன்றாவதும் தவறியபின் அந்தப் பார்சலைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் நடக்காது. ஒரே நம்பரிலிருந்து இரண்டு முறை திரும்பியிருந்தால், அவருக்கு சிஓடி வேண்டாம். முன்பணம் கட்டினால் மட்டும் அனுப்புங்கள்.