“மறுபடியும் டவுன் சார்” என்று எழுதினால் சர்வீஸ் கிரெடிட் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் ஆர்டர் மென்பொருளை வெளி நிறுவனம் ஒன்று நடத்துகிறது. ஜூன் மாதம் மூன்று முறை நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் அக்கவுன்ட் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் “சார், மறுபடியும் டவுன், ரொம்ப ஸ்லோ, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க” என்று அனுப்புவோம். “டீம் பார்த்துட்டிருக்காங்க” என்று பதில் வரும். அதோடு சரி. மாதத்தில் 99.9 சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது. கறாராக எப்படி எழுதுவது? ஒப்பந்தத்தையும் மெசேஜ்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் மெசேஜ்களில் கோபம் தெரிகிறது, கோரிக்கை தெரியவில்லை. சேவை குறைந்த மாதத்தின் கட்டணத்தில் ஒரு பங்கைக் கழிப்பதுதான் சர்வீஸ் கிரெடிட்; அதை நீங்கள் கேட்கவே இல்லை. அவற்றுக்குச் சட்டப்படி எந்தப் பயனும் இல்லாமல் போனதற்கு ஒப்பந்தத்திலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, பிரிவு 11-இன்படி அறிவிப்பு என்பது அதில் குறித்துள்ள மின்னஞ்சல் முகவரிக்குப் போக வேண்டும். அக்கவுன்ட் மேனேஜரின் கைபேசி அந்த முகவரி அல்ல. இரண்டாவது, பிரிவு 6.3-இல் உள்ள 15 நிமிடப் பதில் நேரம், அவர்களுடைய புகார்ப் பதிவு முறையில் டிக்கெட் பதிவான நொடியில்தான் ஓடத் தொடங்குகிறது. 12-ஆம் தேதி காலை 10.05-க்குச் சேவை நின்றது, 10.09-க்கு வாட்ஸ்அப் போயிருக்கிறது, டிக்கெட்டோ 10.40-க்குத்தான் பதிவாகியிருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் அவர்களுடைய கடிகாரம் ஓடவே இல்லை.

மூன்றாவது, “ஸ்லோ” என்ற சொல். பிரிவு 6.2 முடக்கத்துக்குத் தரும் வரையறை, பயனர்கள் உள்நுழைய முடியாமல் போவது அல்லது சேவை பிழைக்குறியைத் திருப்பி அனுப்புவது. மெதுவாக இயங்குவது அதில் வராது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், சேவை கிடைக்கவில்லை என்பதைக் காட்டும் 503 என்ற பிழைக்குறி தெளிவாகத் தெரிகிறது. அதைச் சொல்லாமல் “ஸ்லோ” என்று எழுதியதால், “அன்று சேவை இருந்தது, வேகம்தான் குறைவு” என்று அவர்கள் வாதாட நீங்களே இடம் கொடுத்திருக்கிறீர்கள். 19-ஆம் தேதி மெசேஜில் உள்ள “எங்க நெட்டும் கொஞ்சம் சரியில்லை போல” என்பது இன்னும் மோசம். வாடிக்கையாளர் பக்கக் கோளாறு 6.2-இன் விலக்குகளில் ஒன்று. உறுதியாகத் தெரியாததை எழுத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடிதம் எழுதுமுன் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். 99.9 சதவீதம் என்றால் 43.2 நிமிடம் வரை நிற்கலாம். 12-ஆம் தேதி 75 நிமிடம், 19-ஆம் தேதி 30 நிமிடம், ஆக 105 நிமிடம். 105-ஐ 43,200-ஆல் வகுத்தால் 0.24 சதவீதம், அதாவது சேவை கிடைத்தது 99.76 சதவீதம்.

26-ஆம் தேதி அதிகாலை பராமரிப்புக்காக 2 மணி நேரம் நின்றதையும் சேர்க்க நினைப்பீர்கள். சேர்த்தால் 225 நிமிடம். கிடைப்பு 99.5-க்குக் கீழே இறங்கி, கிரெடிட் 10-இலிருந்து 25 சதவீதமாக உயர்ந்துவிடும். ஆனால் அந்தப் பராமரிப்பை 5 நாள் முன்பே மின்னஞ்சலில் அறிவித்திருக்கிறார்கள். ஒப்பந்தம் கேட்பது 72 மணி நேர முன்னறிவிப்புதான். அதைத் தொடாதீர்கள். ஒரு எண் தவறு என்று அவர்கள் காட்டிவிட்டால், சரியான 105-ஐயும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

முடக்கத்தை எந்த நொடியிலிருந்து எண்ணுவது என்று உங்கள் ஒப்பந்தம் சொல்லவில்லை. டிக்கெட்டிலிருந்துதான் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படி எண்ணினாலும் 12-ஆம் தேதிக்கு 40 நிமிடம், 19-ஆம் தேதி உடனே டிக்கெட் போட்டதால் முழு 30 நிமிடம், ஆக 70. அதுவும் வரம்பைத் தாண்டுகிறது, கிரெடிட்டும் அதே 10 சதவீதம்தான். இந்த இரண்டாவது கணக்கைக் கடிதத்திலேயே வைத்துவிட்டால், வாதம் தொடங்குமுன்பே முடிந்துவிடும்.

பிரிவு 11-இல் உள்ள முகவரிக்கு இப்படி எழுதுங்கள். அக்கவுன்ட் மேனேஜருக்கு நகல் போகட்டும்.

“பொருள்: ஒப்பந்தப் பிரிவு 6, ஜூன் மாதச் சேவைக் குறைவு, சர்வீஸ் கிரெடிட் கோரல்.

ஜூன் மாதத்தில் உங்கள் ஆர்டர் சேவை முன்னறிவிப்பின்றி இரண்டு முறை முடங்கியது: 12-ஆம் தேதி காலை 10.05 முதல் 11.20 வரை (டிக்கெட் பதிவு 10.40), 19-ஆம் தேதி மாலை 4.40 முதல் 5.10 வரை (டிக்கெட் பதிவு 4.40). இரண்டு முறையும் எங்கள் பயனர் எவராலும் உள்நுழைய முடியவில்லை. 503 பிழை வந்தது. கண்காணிப்புப் பதிவும் ஸ்கிரீன்ஷாட்களும் இணைப்பில் உள்ளன.

மொத்த முடக்கம் 105 நிமிடம். பிரிவு 6.1 உறுதியளிப்பது 99.9 சதவீதம்; கிடைத்தது 99.76 சதவீதம். டிக்கெட் நேரத்திலிருந்து கணக்கிட்டாலும் 70 நிமிடம், 99.84 சதவீதம். எனவே பிரிவு 6.4-இன்படி ஜூன் மாதக் கட்டணத்தில் 10 சதவீதத்தை அடுத்த விலைப்பட்டியலில் கழிக்கக் கோருகிறோம்.

12-ஆம் தேதி டிக்கெட்டுக்கு உங்கள் பொறியாளரின் முதல் பதில் 11.12-க்கு, அதாவது 32 நிமிடம் கழித்து வந்தது. பிரிவு 6.3 அனுமதிப்பது 15 நிமிடம். இரு முடக்கங்களுக்குமான காரண அறிக்கையை பிரிவு 6.6-இன்படி 5 வேலை நாட்களுக்குள் அனுப்பவும்.

ஒப்பந்தத்தின் கீழும் சட்டத்தின் கீழும் எங்களுக்குள்ள பிற உரிமைகள் எதையும் இக்கடிதத்தால் விட்டுக்கொடுக்கவில்லை.”

இதில் சேராதவற்றையும் கவனியுங்கள். 12-ஆம் தேதி சேவை 4 மணி நேர வரம்புக்குள் சரியாகிவிட்டது, ஆகவே சீரமைப்பு நேரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. டிக்கெட் போட்டவுடன் தானாக வந்த “பெற்றுக்கொண்டோம்” என்ற மின்னஞ்சலைப் பதிலாக எண்ணவில்லை. பொறியாளர் பதில் தர வேண்டும் என்றே 6.3 சொல்கிறது. “கட்டணத்தை நிறுத்திவைப்போம்”, “ஒப்பந்தத்தை முறிப்போம்” என்ற எச்சரிக்கைகளும் இல்லை. கட்டணத்தை நீங்களாகவே பிடித்துவைக்க ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை. பிடித்தால் அடுத்த நாள் முதல் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆவீர்கள். விற்பனை இழப்புக்கு இழப்பீடும் கேட்கவில்லை, ஏனென்றால் கிரெடிட் ஒன்றே பரிகாரம் என்று 6.7-இல் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அதைத் தாண்ட வழி இருக்கிறதா என்பது உங்கள் ஒப்பந்தத்தை ஆளும் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அதற்குத் தனி ஆலோசனை தேவைப்படும்.

கோரலுக்குக் காலக்கெடு உண்டு: மாதம் முடிந்து 30 நாள். ஜூலை 30-க்குள் கடிதம் போயிருக்க வேண்டும். தவறினால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கிரெடிட் போய்விடும். இனி சேவை நின்றால் முதலில் டிக்கெட், பிறகு வாட்ஸ்அப். வாட்ஸ்அப்பிலும் “டிக்கெட் எண் இது, காலை 10.05 முதல் யாராலும் உள்நுழைய முடியவில்லை, 503 வருகிறது” என்ற ஒரே வரி போதும்.

கடிதம் போனதும் அக்கவுன்ட் மேனேஜர் பெரும்பாலும் போனில்தான் கூப்பிடுவார். மரியாதையாகப் பேசுங்கள், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். “நல்லெண்ணத் தள்ளுபடியாக 10 சதவீதம் தருகிறோம்” என்று அவர் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். தொகை ஒன்றாக இருந்தாலும், 6.5-இன்படி ஆறு மாதத்தில் மூன்று மாதங்கள் சேவைக் குறைவு ஏற்பட்டால்தான் அபராதமின்றி வெளியேற முடியும். நல்லெண்ணமாக வாங்கிய தள்ளுபடியைக் காட்டி, ஜூனில் குறைவே ஏற்படவில்லை என்று பின்னால் சொல்வார்கள். “பிரிவு 6.4-இன் கீழ் ஜூன் மாதத்துக்கான சர்வீஸ் கிரெடிட்” என்று விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.