வெள்ளைப் பலகையில் பாரை மீன்: மேஜிக் வான்ட் எதை அழிக்கிறது, எதை விடுகிறது

நிலாவெளியில் மீன் பொதி செய்து விற்பவர்: அக்கா, ரெஜிபோம் பலகையில் பாரை மீனை வைத்து லேபிளுக்குப் படம் எடுத்தேன். போட்டோஷொப்பில் பலகையை மேஜிக் வான்டால் தொட்டு அழித்தால் மீனின் வயிறும் சேர்ந்து போகிறது. Contiguous டிக் போட்டுத்தான் இருக்கிறது. என்ன பிழை?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. பலகையில் தொட்ட இடம் சிவப்பு 236, பச்சை 238, நீலம் 240. வயிற்றில் வெளிச்சம் பட்ட இடம் 214, 220, 226. இரண்டுக்கும் இடையே 22, 18, 14 தான் வித்தியாசம். Tolerance தொடக்கத்தில் இருந்த 32-லேயே நிற்கிறது. தொட்ட புள்ளியிலிருந்து மேலே 32, கீழே 32 வரை போகலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், வயிறு அதற்குள் வந்துவிட்டது.

Contiguous காப்பாற்றாததற்குக் காரணம் வேறு. டிக் போட்டிருந்தால் தெரிவு நீங்கள் தொட்ட இடத்தில் தொடங்கி, ஒட்டியிருக்கும் புள்ளிகள் வழியாக மட்டுமே பரவும். மீனின் முதுகுப்பக்கம் கோடு கறுப்பாக இருக்கிறது, அங்கே நின்றுவிட்டது. செவுளுக்குக் கீழே பாருங்கள். பலகையின் வெளிச்சம் திரும்பி அடித்து அந்த விளிம்பே வெளிறிப் போயிருக்கிறது. இரண்டு மூன்று புள்ளி அகலத்துக்கு வழி கிடைத்தாலே போதும், அதற்குள்ளால் புகுந்து வயிறு முழுவதையும் பிடித்துவிடும்.

Tolerance-ஐ 20-க்கு இறக்குங்கள். வயிறு தப்பும், ஆனால் மீனுக்குக் கீழே உள்ள நிழல் அழியாமல் நிற்கும். நிழலின் நடுப்பகுதி 190, 192, 196. அதையும் ஒரே தொடலில் பிடிக்க 46 வேண்டும், 46 வைத்தால் திரும்பவும் வயிறு போய்விடும். ஆகவே எண்ணை ஏற்றாமல் தொடல்களைக் கூட்டுங்கள். 20-லேயே வைத்துக்கொண்டு முதலில் பலகை, பிறகு Shift-ஐ அழுத்தியபடி நிழல். நிழலில் தொட்டால் சிவப்பு 170 முதல் 210 வரை பிடிபடும். வயிற்றின் 214 வெளியே நிற்கும்.

இப்போது பலகைக்கும் நிழலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை மிஞ்சியிருக்கும். பலகைத் தொடல் சிவப்பு 216-க்கு மேலே, நிழல் தொடல் 210-க்குக் கீழே, இடையில் உள்ளது இரண்டிலும் அகப்படாது. அந்தப் பட்டை ஏறக்குறைய வயிற்றின் நிறமேதான். Contiguous-க்கு உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. நிழல் மீனைத் தொடும் இடத்தில் மிகக் கறுப்பாகவும், தள்ளிப் போகப் போக வெளிறியும் இருக்கும். வயிற்று நிறமுள்ள பட்டை நிழலின் வெளி ஓரத்தில் இருப்பதால் மீனோடு ஒட்டவில்லை. Contiguous போட்டபடி, Tolerance 10 வைத்து, Shift-உடன் பட்டையைத் தொடுங்கள், பட்டை மட்டும் சேரும். டிக்கை எடுத்துவிட்டுத் தொட்டால் வயிற்றில் அம்மைத் தழும்புபோல ஓட்டைகள் விழும்.

அடுத்த முறை நீலத் தறப்பாளில் வைத்து எடுங்கள், இத்தனை பாடும் வேண்டாம்.

உவர்மலை, ஸ்டூடியோவில் வேலை செய்பவர்: ஒரு புள்ளியைப் பக்கத்துப் புள்ளியோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தானே Contiguous பரவுகிறது? அப்படியென்றால் நிழல் மெதுவாக மாறும்போது குறைந்த Tolerance-இலேயே முழுக்கப் பிடிபட வேண்டுமே.

பாதி சரி. நடந்து போவது பக்கத்துப் புள்ளி வழியாகத்தான். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒப்பிடப்படுவது நீங்கள் முதலில் தொட்ட நிறம், பக்கத்துப் புள்ளியின் நிறமல்ல. மெதுவாக மாறினாலும் எல்லை தாண்டியதும் நின்றுவிடும்.

கோணேசர் கோவிலைக் கீழிருந்து எடுத்த படம் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். மேல் வானம் 96, 150, 205. தொடுவானப் பக்கம் 190, 212, 228. உச்சியில் தொட்டு அடிவரை பிடிக்க வேண்டுமென்றால் சிவப்பில் 94 வேண்டும். நடு வானத்தில், 143, 181, 217 உள்ள இடத்தில் தொட்டால் மேலுக்கும் 47, கீழுக்கும் 47, அதோடு சரி. ஒரே வானம், தொடும் இடம் மாறியதும் தேவைப்படும் எண் பாதியாகிறது. மூன்று நிறத்திலும் எதில் வித்தியாசம் பெரிதோ அதுதான் முடிவு செய்யும். நீலத்தில் 11, 12 தான் மாறுகிறது என்று மட்டும் பார்த்து எண் வைத்தால் வானத்தின் ஒரு கீற்றுத்தான் கிடைக்கும்.

47-ம் பெரிய எண்தான். கோபுரத்தின் நீலப் பூச்சு வானத்தைத் தொடும் இடங்களில் உள்ளே புகும். கடலும் தெரிகிற படமென்றால் தொடுவானக் கோட்டில் வழிந்து கீழே இறங்கிவிடும். நான் 25 வைத்து மூன்று தட்டாக Shift-உடன் தொடுவேன்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது Select பட்டியலில் இருக்கும் Grow-ஆக இருக்கலாம். அது ஏற்கெனவே தெரிவான பகுதியிலிருந்து மேலும் பரவும், திரும்பத் திரும்பக் கொடுத்தால் படிப்படியாக ஊர்ந்து போகும். வான்டின் Tolerance எண்ணைத்தான் அதுவும் எடுத்துக்கொள்கிறது.

மூதூர், விளையாட்டுக்கழகச் செயலாளர்: கழகத்தின் பெயரைச் சிவப்பு ரீசேட்டில் போட வேண்டும். வெள்ளைப் பின்னணியை அழித்தேன், "கழகம்" என்பதில் க-வின் சுழிக்குள் வெள்ளை அப்படியே நிற்கிறது. எழுத்தைச் சுற்றியும் அழுக்கு மாதிரி இருக்கிறது.

சுழி மூடியது, வெளியிலிருந்து உள்ளே போக வழியில்லை. அதனால் Contiguous டிக்கை எடுத்துவிட்டுத் தொடுங்கள். படத்தில் எங்கே அந்த வெள்ளை இருந்தாலும் பிடிபடும், க, ண, எ எல்லாச் சுழியும் ஒரே தொடலில் வெறுமையாகும். சின்னத்தின் நடுவில் வெள்ளைப் பந்து இருக்கிறதே, அதுவும் போய்விடும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். Delete அழுத்துமுன் லாசோ கருவியை எடுத்து, Alt-ஐப் பிடித்தபடி பந்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால் அந்தப் பகுதி தெரிவிலிருந்து கழியும்.

அழுக்கு வந்தது வாட்ஸ்அப்பில் வாங்கிய ஜேபெக்கிலிருந்து. எழுத்தைச் சுற்றி வெள்ளை என்று கண்ணுக்குத் தெரிவது 255 அல்ல, 251, 246, 238 என்று குழம்பிக் கிடக்கிறது. Tolerance 0 வைத்தால் சரியாக 255 உள்ளது மட்டும் போகும், மிச்சம் தூசாக நிற்கும். 32 வைத்தால் 223 வரை போகும், இந்தத் தூசெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் எழுத்தின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் புள்ளிகள் இருக்கும். 150, 180, 210 என்பவை தப்பி நின்று, சிவப்பு ரீசேட்டில் வெளிறிய விளிம்பாகத் தெரியும். எண்ணை இன்னும் ஏற்றினால் மெல்லிய கொம்புகளும் கால்களும் தேயத் தொடங்கும்.

அழித்தது சுத்தமா என்று பார்க்க, கீழே ஒரு லேயர் போட்டுக் கடும் சிவப்பால் நிரப்புங்கள். வெள்ளைத் திரையில் தெரியாத தூசெல்லாம் அதில் தெரியும். இதைப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கவேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம்: பிள்ளை, Tolerance-ஐ நீர் சொன்ன மாதிரி வைத்தேன். Delete அழுத்தினால் பின்னணி அழியவில்லை, ஏதோ Fill என்று பெட்டி வருகிறது. எண் பிழையோ?

எண்ணில் பிழையில்லை சேர். படம் Background என்ற பூட்டிய லேயராக இருக்கிறது, அதில் வெறுமை இருக்க முடியாது. லேயர் பெயரை இரண்டு தரம் தட்டி OK கொடுங்கள், Layer 0 ஆகிவிடும். பிறகு Delete. சேமிக்கும்போது பிஎன்ஜி, ஜேபெக்கில் சேமித்தால் வெறுமை திரும்ப வெள்ளையாகும்.

கிண்ணியா, கம்பஸ் மாணவி: நான் GIMP பாவிக்கிறேன், அதில் Contiguous டிக்கே இல்லையே. இன்னொன்று, ஒரே சுவரை ஒரே எண்ணோடு தொட்டாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரித் தெரிவாகிறது.

அங்கே டிக்குக்குப் பதிலாக இரண்டு கருவிகள். Fuzzy Select என்பது Contiguous போட்ட வான்ட், Select by Color என்பது டிக் எடுத்த வான்ட். Tolerance-ஐ அங்கே Threshold என்பார்கள், தொடக்க எண் 15. போட்டோஷொப் விளக்கத்தில் 32 என்று பார்த்துவிட்டு ஏன் குறைவாகப் பிடிக்கிறது என்று யோசிக்க வேண்டாம், எண்ணை மாற்றினால் சரி.

இரண்டாவதற்கு உங்கள் போன் படம்தான் காரணம். மாலை வெளிச்சத்தில் எடுத்தது, சுவர் முழுக்க மணல் தூவின மாதிரிப் புள்ளிகள். 170 உள்ள புள்ளியில் கை பட்டால் ஒரு கணக்கு, பக்கத்தில் 184 உள்ளதில் பட்டால் வேறு கணக்கு. போட்டோஷொப்பில் Sample Size-ஐ Point Sample-இலிருந்து 5 by 5 Average-க்கு மாற்றினால் சுற்றியுள்ள 25 புள்ளிகளின் சராசரி தொடக்க நிறமாகும், தொடலுக்குத் தொடல் மாறுவது குறையும். GIMP-இல் இந்தச் சிக்கலுக்கு நான் செய்வது, லேயரின் பிரதி ஒன்றை Gaussian Blur-ஆல் சற்று மங்கலாக்கி, அதில் தெரிவு செய்து, பிறகு அசல் லேயருக்குப் போய் அழிப்பது. விளிம்பு கொஞ்சம் உருண்டுவிடும். சுவருக்குப் பரவாயில்லை, இலைக்குச் சரிவராது.

உவர்மலை, மீண்டும்: விளிம்பில் வெள்ளை நிற்பதற்கு நாங்கள் Select, Modify, Expand கொடுத்து 1 புள்ளி பெருப்பித்துவிட்டுத்தான் அழிப்போம். எண்ணோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

பெரிய படத்துக்கு ஒத்துக்கொள்கிறேன், நானும் செய்வதுண்டு. மூதூர்க்காரரின் சின்னம் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தது, எழுத்தின் கால் நாலு புள்ளி அகலம்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போனால் பாதிதான் மிஞ்சும். அதற்கு நான் அழித்த பிறகு Layer, Matting, Defringe 1 கொடுப்பேன். அது புள்ளியை வெட்டாது, ஓர நிறத்தை உள்ளே இருக்கும் நிறத்துக்கு மாற்றும்.

உவர்மலை: Defringe கொடுத்தால் ஓரம் பல்லுப்பல்லாக வருகிறது அக்கா. எங்கள் அச்சில் அது தெரியும்.

உங்களுடையது மினுங்கும் படத்தாள், எங்களுடையது துணி. துணியில் தெரிவதில்லை. மூதூர்க்காரர் இரண்டையும் செய்து ஒவ்வொரு ரீசேட்டில் அடித்துப் பார்க்கட்டும், மற்றவற்றைப் பிறகு அடிக்கலாம்.