தூக்கத்தில் பச்சிளங்குழந்தையின் மூச்சு நின்று நின்று வருகிறதே, பயப்பட வேண்டுமா?

"எங்கள் பையன் பிறந்து 12 நாள் ஆகிறது. தூங்கும்போது திடீரென்று ஆறேழு நொடி மூச்சே இல்லை, அப்புறம் வேகவேகமாக வாங்குகிறான். பால் குடித்ததும் விக்கல், நாளெல்லாம் தும்மல், கதவுச் சத்தத்துக்கே இரண்டு கையையும் தூக்கிப் போட்டுத் திடுக்கிடுகிறான். சாக்ஸ் மாதிரி காலில் மாட்டும் மூச்சுக் கருவி ஒன்றை வாங்கச் சொல்கிறார் ஒருவர். தும்மலுக்கு மூக்கில் விட ஒரு சொட்டு மருந்தும் அவரே கொடுத்தார். இரவெல்லாம் மாற்றி மாற்றிக் காவல் இருக்கிறோம். என்ன செய்வது?"

கருவி வாங்க வேண்டாம். அந்தச் சொட்டு மருந்தை ஒரு துளிகூட விடாதீர்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், முதலில் மூச்சைப் பார்ப்போம்.

உடம்பில் கரியமில வாயு கூடும்போது "மூச்சு விடு" என்று உத்தரவு போடுவது மூளையின் அடிப்பகுதி. பிறந்த சில வாரங்களுக்கு அந்த உத்தரவு சீராக வராது. வேகமாகச் சில மூச்சு வாங்கியதும் கரியமில வாயு குறைந்துவிடும், உத்தரவு நின்றுவிடும், மூச்சும் நிற்கும். சில நொடிகளில் வாயு மறுபடி கூடியதும் மூச்சு திரும்பும். ஐந்து முதல் பத்து நொடி நின்று, பிறகு வேகமாகச் சில மூச்சு, அப்புறம் நிதானம் என்று வருவது இந்த வயதில் இயல்பு. பெரும்பாலும் தூக்கத்தில்தான் தெரியும். மாதங்கள் போகப் போகக் குறைந்து, ஆறு மாதத்துக்குள் அநேகமாக மறைந்துவிடும்.

மூச்சை எண்ணும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். பச்சிளங்குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைப்பேசியில் 60 நொடி வைத்துக்கொண்டு முழு நிமிடமும் எண்ண வேண்டும். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கக் கூடாது.

உங்கள் பையனைப் போன்ற ஒரு குழந்தையை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நொடியில் 13 மூச்சு. ஆறால் பெருக்கினால் 78 வரும், அதைப் பார்த்ததும் வீடே கலங்கிவிடும். அடுத்த ஏழு நொடி மூச்சே இல்லை. மீதி 43 நொடியில் 33 மூச்சு. மொத்தம் நிமிடத்துக்கு 46. நிமிடத்துக்கு 30-க்கு மேல், 60-க்குள் இருப்பது இயல்பு என்பதால் இந்தக் குழந்தைக்குக் குறை ஒன்றும் இல்லை. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மூச்சு விடக் குழந்தை பாடுபடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு ஆழமாகக் குழிவது, மூக்குத் துவாரம் விடைப்பது, மூச்சை வெளியே விடும்போதெல்லாம் "ம்… ம்…" என்று முனகுவது ஆகியவை நுரையீரல் திணறுவதன் அடையாளங்கள். தூக்கத்தில் நெளியும்போதும் மலம் கழிக்க முக்கும்போதும் வரும் முனகல் வேறு. அது வந்து வந்து போகும், இது மூச்சுக்கு மூச்சு வரும்.

நிறத்தை உதட்டின் உட்புறத்திலும் நாக்கிலும் பாருங்கள். உள்ளங்கையும் பாதமும் லேசாக நீலம் பூத்திருப்பது முதல் சில நாட்களிலும் குளிரிலும் சகஜம். நாக்கு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால் அது எந்தத் தோல் நிறத்துக் குழந்தைக்கும் ஆபத்து. மூச்சு 20 நொடி நின்றாலும் ஆபத்துதான். அதைவிடக் குறைவாக நின்றாலும், கூடவே நிறம் மாறினாலோ உடம்பு துணிபோலத் துவண்டாலோ, தானாகத் தெளிந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் உள்ளங்காலைத் தேய்த்துத் தூண்டுங்கள். மூச்சு திரும்பாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்து, அவர்கள் போனில் சொல்லச் சொல்ல முதலுதவியைத் தொடங்குங்கள். குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விவரம் இருக்கிறது. பையன் எத்தனை வாரத்தில் பிறந்தான்? இவ்வளவு நேரம் சொன்ன ஆறுதல் எல்லாம் 37 வாரம் முடிந்து பிறந்த குழந்தைக்குத்தான். 34 வாரத்தில் பிறந்து 12 நாள் ஆன குழந்தைக்குக் கரு வயதுக் கணக்கில் இன்னும் 36 வாரம்கூட ஆகவில்லை. அந்த மூளை மூச்சை உண்மையாகவே மறந்துவிடக் கூடியது. 35, 36 வாரத்தில் பிறந்து எடையும் நன்றாக இருந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் நிறைமாதக் குழந்தை என்றே நினைத்துக்கொள்வார்கள். சில ஆஸ்பத்திரிகளும் அப்படியே அனுப்பிவிடுகின்றன. எடையைப் பார்க்காதீர்கள், வாரத்தைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்கும்.

குறைமாதக் குழந்தை என்றால், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதி கடந்து ஒரு மாதம் ஆகும்வரை, மூச்சு நிற்பது புதிதாகத் தொடங்கினாலோ முன்பைவிட அடிக்கடி வந்தாலோ 20 நொடிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு வாரம் ஒழுங்காக மூச்சு விட்ட குறைமாதக் குழந்தைக்குத் திடீரென மூச்சு நின்று நின்று வந்தால் ரத்தத்தில் கிருமி பரவுவதன் முதல் அடையாளமாக அது இருக்கலாம், காய்ச்சலே இல்லாமல். வீட்டில் ஒருவருக்குச் சாதாரணச் சளி இருந்து அது தொற்றினாலும், மூக்கு ஒழுகுவதற்கு முன்பே மூச்சு நிற்கலாம். அதனால் சளி பிடித்தவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் தூர நிற்கட்டும்.

விக்கலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலோடு காற்றும் போய் வயிறு உப்பினால் உதரவிதானம் துடிக்கும். தாய் வயிற்றில் இருந்தபோதே அவன் விக்கியிருப்பான். பாலூட்டும் நடுவில் ஒருமுறை நிமிர்த்தி ஏப்பம் விடவையுங்கள், அது போதும். விக்கலுக்குத் தண்ணீரோ சர்க்கரையோ வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, நரம்பைச் செயலிழக்கச் செய்யும் கிருமியின் விதை அதில் இருக்கலாம். விக்கலோடு வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் மட்டும் அது விக்கல் சமாச்சாரம் அல்ல. குடல் முறுக்கியிருக்கலாம், அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தும்மல், மூக்கைச் சுத்தம் செய்துகொள்ள அவனுக்கு இருக்கும் ஒரே வழி. துவாரம் அவ்வளவு சிறியது, மூக்கைச் சிந்தவும் தெரியாது. இருமலோ காய்ச்சலோ இல்லாமல், பாலும் ஒழுங்காகக் குடித்தால் தும்மலுக்கு மருந்து கிடையாது. மூக்கடைத்துப் பால் குடிக்கத் திணறினால் வெறும் உப்புநீரான சலைன் சொட்டு மருந்தைப் பாலூட்டுவதற்குச் சற்று முன் ஒவ்வொரு துவாரத்திலும் ஓரிரு துளி விடலாம். உங்களுக்குக் கொடுத்த பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று இருந்தால் அது பெரியவர்களின் மூக்கடைப்புக்கானது. பச்சிளங்குழந்தையின் மூக்கிலிருந்து ரத்தத்தில் ஏறி மயக்கத்தையும் மூச்சடைப்பையும் உண்டாக்கலாம். மூச்சு நிற்கிறதே என்று பயப்படும் வீட்டில் மூச்சை நிறுத்தக்கூடிய மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

திடுக்கிடுவதும் பிறவியோடு வந்த அனிச்சைச் செயல்தான். இரண்டு கையும் விரிந்து, பிறகு கட்டிப்பிடிப்பதுபோல உள்ளே வரும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் போய்விடும். எப்போதும் ஒரு கை மட்டும் அசையாமல் கிடந்தால், பிரசவத்தில் காறை எலும்பு முறிந்திருக்கிறதா, தோள் நரம்பு இழுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது கை கால் வெடவெடவென நடுங்கினால் அந்தக் கையை மெல்லப் பிடித்து மடக்குங்கள். நின்றுவிட்டால் வலிப்பு அல்ல. ஆனாலும் நடுக்கம் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். பிடித்த பிறகும் உங்கள் கைக்குள்ளேயே தாளம் தவறாமல் துடித்தால், கண் ஒரு பக்கம் செருகினால், வாய் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம்.

மேலே சொன்னது எதுவும் இல்லாமலே நோய் வரலாம். அதைக் காட்டிக் கொடுப்பது பாலும் உடல் சூடும். 24 மணி நேரத்தில் எட்டுத் தடவையாவது குடித்துவந்தவன் இரண்டு வேளை தொடர்ந்து எழுப்பியும் குடிக்காவிட்டால் அதுவே போதும், கிளம்புங்கள். அக்குளில் தெர்மாமீட்டர் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கூடுதல் போர்வையை எடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்காவிட்டால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 38 என்றால் அந்த 15 நிமிடமும் காத்திருக்க வேண்டாம். 35.5-க்குக் கீழே குளிர்ந்துபோவதும் அதே அளவு ஆபத்து, நெஞ்சோடு தோல் படும்படி அணைத்துக்கொண்டே போங்கள்.

இனி அந்தச் சாக்ஸ் கருவி. குழந்தை காலை உதைத்தால், சாக்ஸ் நழுவினால், பாதம் குளிர்ந்தால் அலறும். இயல்பான ஏழு நொடி நிறுத்தத்தில் ஆக்சிஜன் சற்று இறங்கி ஏறினாலும் அலறலாம். நான்கு பொய் அலறலுக்குப் பிறகு ஐந்தாவதை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள், அல்லது நல்ல குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடு இரவில் அவசரப் பிரிவுக்கு ஓடுவார்கள். தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தை இத்தகைய கருவிகள் தடுப்பதாக நிரூபணம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அந்த நோக்கத்துக்காக இவற்றை வாங்க வேண்டாம் என்றே சொல்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாத சமமான கெட்டிப் படுக்கை தருவதுதான் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. அதில் விற்பதற்கு எதுவும் இல்லை, அதனால் யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை.

சொல்ல வேண்டியவர்களும் சொல்வதில்லை. தடுப்பூசித் தேதியை அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். குழந்தையின் சட்டையை விலக்கி வயிற்றைக் காட்டி, "இப்படி ஒரு நிமிடம் எண்ணுங்கள்" என்று சொல்லித்தர மூன்று நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு, "ஏதாவது என்றால் வாருங்கள்" என்கிறார்கள். எது "ஏதாவது" என்று 12 நாள் தாய்க்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை மூச்சு நிற்பதைப் பார்த்தால், நாக்கின் நிறம் நன்றாக இருக்கிறது, மூச்சும் திரும்பிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, வீடியோ எடுங்கள். வெள்ளை விளக்கு, திறந்த நெஞ்சும் வயிறும், முகமும் ஒரே சட்டத்துக்குள், வெட்டாமல் இரண்டு நிமிடம். மருத்துவரிடம் அதையும் பிறந்த வாரத்தையும் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது குழந்தை ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருப்பான், அவர் பார்க்க வேண்டியது அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கும்.