டாக்டரிடம் சொன்ன அந்த ‘இல்லை’

“அக்கா, எனக்கு 29 வயது. திருமணமாகி 4 வருடம். 3 வருடமாக பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிட்டு வந்தேன். எடை குறையவில்லை, சர்க்கரை அளவும் இறங்கவில்லை என்று போன மாதம் டாக்டர் அதை 1000 ஆக்கிவிட்டார். 4 மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. வெள்ளி, சனி இரவுகளில் கணவரோடு வோட்கா குடிப்பேன். 60 மில்லியில் ஜூஸ் கலந்து மூன்று கிளாஸ். அந்த நாட்களில் கலோரி கணக்குக்காகப் பகலில் சாப்பிடமாட்டேன். வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு காலை வரை மாத்திரையும் போடமாட்டேன். குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மா பக்கத்தில் இருந்ததால் இல்லை என்று சொல்லிவிட்டேன். பாவம், எனக்காக அம்மா சமையலையே மாற்றிவிட்டார். பீரியட்ஸ் நின்றதற்குக் குடிதான் காரணமா? ஜூஸுக்குப் பதிலாக டயட் சோடா கலந்தால் எடை குறையுமா?”

டயட் சோடாவுக்கு அப்புறம் வருகிறேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் ‘இல்லை’ என்று சொன்னேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். இதே வரியை எத்தனையோ பெண்கள் எனக்கு எழுதிவிட்டார்கள். யாருமே அதைப் பிரச்சினையாக நினைத்து எழுதுவதில்லை, நீங்களும் அப்படித்தான்.

அந்த ஒரு சொல்லை வைத்து டாக்டர் என்ன முடிவெடுத்தார் என்று பாருங்கள். காலையும் இரவும் என்றால் வாரத்துக்கு 14 வேளை மாத்திரை. வெள்ளி இரவு, சனி காலை, சனி இரவு, ஞாயிறு காலை என்று அதில் 4 வேளையை நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். மிச்சம் 10. மெட்ஃபார்மின் ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டுப் பலன் பார்க்கிற மாத்திரை இல்லை. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையைத் தயாரித்து இரத்தத்தில் விடுவதை அது தினமும் மட்டுப்படுத்த வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை, ராத்திரியானால் மதுவும் ஜூஸும். இது எதுவும் டாக்டருக்குத் தெரியாது. 14 வேளையும் போட்டும் இந்தப் பெண்ணுக்கு 500 போதவில்லை என்று அவர் நினைத்தார், அளவை இரண்டு மடங்காக்கினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் சொன்ன பெண்ணுக்கு அது சரியான மருந்து. ஆனால் அந்தப் பெண் நீங்கள் இல்லை.

மது குடிப்பவர்களிடம் இந்த மாத்திரையை எழுதும்போது டாக்டர்கள் ஏன் யோசிக்கிறார்கள் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எப்படிச் சொல்வார்கள், நீங்கள்தான் குடிக்காத பெண்ணாயிற்றே! உடலில் லாக்டேட் என்ற ஒரு பொருள் எப்போதும் உண்டாகிக்கொண்டே இருக்கும். கல்லீரல் அதை எடுத்துச் சர்க்கரையாக மாற்றிவிடும். மெட்ஃபார்மின் அந்த வேலையைக் கொஞ்சம் குறைக்கிறது. சாதாரணமாக அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மது உள்ளே போனால் கல்லீரல் மற்றதை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் மதுவைத்தான் கவனிக்கும். லாக்டேட்டைச் சர்க்கரையாக்கும் வேலை அப்போது இன்னும் முடங்கும். அளவுக்கு மீறிக் குடித்த அன்று இரண்டும் சேர்ந்தால் லாக்டேட் தேங்கி இரத்தம் அமிலமாகிவிடலாம். அபூர்வமாகத்தான் நடக்கும், நடந்தால் உயிருக்கே ஆபத்து.

“அதனால்தானே மாத்திரையை விட்டேன்” என்று சொல்வீர்கள். இரவு ஒரு வேளை விட்டதால் காலையில் போட்டது உடம்பை விட்டு மொத்தமாகப் போய்விடாது. சனிக்கிழமையாவது காலை வேளையையும் விடுகிறீர்கள், வெள்ளிக்கிழமை காலையில் போட்டுவிட்டுத்தானே ராத்திரி குடிக்கிறீர்கள்? அதுவும் இப்போது ஒரு வேளைக்கு 1000 மில்லிகிராம்.

மாத்திரையை விடவும் எனக்குக் கோபம் வந்தது உங்கள் பட்டினியில். பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை கரைந்துவிடும். அப்புறம் உடம்பு தாங்குவது கல்லீரல் புதிதாகத் தயாரிக்கும் சர்க்கரையில்தான். சரியாக அந்த நேரத்தில் மூன்று கிளாஸ் வோட்காவை ஊற்றி அந்தத் தயாரிப்பையே நிறுத்துகிறீர்கள். ஜூஸில் இருக்கிற இனிப்பு ஒன்றிரண்டு மணி நேரம் காப்பாற்றும். அதற்குப் பிறகு, தூக்கத்தில், சர்க்கரை கீழே இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மந்தமாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு இது போதை மாதிரியே தெரியும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவரும் “அதிகமாகிவிட்டது, தூங்கட்டும்” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். இதில்தான் எனக்குப் பயம்.

அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். குடித்த இரவிலோ மறுநாளோ நிற்காத வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழமான மூச்சு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், இதில் ஏதாவது ஒன்று வந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், மது குடித்தார் என்ற இரண்டையும் அவர் வாயால் அங்கே சொல்ல வேண்டும்.

சரி, டயட் சோடா. 60 மில்லி வீதம் மூன்று கிளாஸ் என்றால் 180 மில்லி வோட்கா. 40 சதவீத மது என்று வைத்தால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 57 கிராம். ஒரு கிராமுக்கு 7 கலோரி, ஆக 400 கலோரி. கிளாஸுக்கு 200 மில்லி ஜூஸ் என்றால் அதில் இன்னொரு 250 கலோரியும் 60 கிராம் அளவுக்குச் சர்க்கரையும். டயட் சோடாவுக்கு மாறினால் இந்த 250 போகும், அந்த 400 அப்படியே இருக்கும். கூடவே ஒரு கெடுதலும் உண்டு. சர்க்கரை இல்லாத பானத்தில் கலந்த மது வயிற்றில் அதிக நேரம் தங்காமல் சீக்கிரம் குடலுக்குப் போய்விடும், போதை சட்டென்று ஏறும். வெறும் வயிற்றில் கேட்கவே வேண்டாம். ஆகவே இந்த மாற்றத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பட்டினியால் எடைக் கணக்கு சரியாகிறது என்பதும் தப்புக் கணக்கு. பகலெல்லாம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு ராத்திரி 60 கிராம் சர்க்கரையைக் குடித்தால், ஏற்கனவே இன்சுலினுக்குச் சரியாக வளைந்துகொடுக்காத உங்கள் உடம்பு இன்னும் நிறைய இன்சுலினைச் சுரந்துதான் அதைச் சமாளிக்கும். பிசிஓஎஸ்ஸில் பலருக்கு வினையே இந்த அதிக இன்சுலின்தான். அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டி வைக்கும் புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. அதனால் முட்டை முழுதாக வளர்ந்து வெளியே வருவது தடைபடுகிறது, பீரியட்ஸ் தள்ளிப்போகிறது. உங்களுடைய முதல் கேள்விக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது. குடிதான் நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன். ஒரு சொட்டுக்கூடத் தொடாத பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது, அவர்களுக்கும் மாதங்கள் தவறுகின்றன. ஆனால் எந்தச் சங்கிலியை மாத்திரையால் அறுக்கப் பார்க்கிறீர்களோ, அதை வாரத்துக்கு இரண்டு ராத்திரி நீங்களே இறுக்குகிறீர்கள்.

அந்த 4 மாதத்தைப் பற்றி நீங்கள் பதறாதது எனக்கு ஆச்சரியம். முதல் வேலையாக, நாளைக் காலை, கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். பிசிஓஎஸ் இருந்தால் கர்ப்பமே ஆகாது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எப்போது முட்டை வரும் என்று தெரியாதே தவிர, வராது என்று இல்லை. மெட்ஃபார்மின் சாப்பிடும்போது அது திரும்ப வரவும் வாய்ப்புண்டு. அப்படி ஒரு குழந்தை தங்கியிருந்தால் மதுவில் அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பரிசோதனை முடிவு தெரியும்வரை கிளாஸைத் தொடாதீர்கள்.

கர்ப்பம் இல்லை என்றாலும் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். 90 நாளுக்கு மேல் பீரியட்ஸ் வராமல் இருந்தால் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகலாம். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் புற்றுநோய் வரைக்கும் போகக்கூடிய மாற்றம் அது. சில நாள் புரோஜெஸ்டிரான் வகை மாத்திரை கொடுத்து உதிரப்போக்கை டாக்டர் வரவழைப்பார். தெரிந்தவர் சொன்னார் என்று அதை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

இந்தத் தடவை உள்ளே யார் வருவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. சொல்ல வாய் வரவில்லையென்றால் “தனியாகப் பேச வேண்டும்” என்று ஒரு சீட்டில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள், அவர்களுக்கு இது பழக்கம். உங்கள் கணவர் உங்களோடு உள்ளே வரட்டும். கிளாஸில் ஊற்றும்போது கூட இருக்கிறவர், டாக்டர் முன்னாலும் கூட இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் வருவது என்ன புருஷ லட்சணம்?

வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மில்லி, எந்தெந்த வேளை மாத்திரை விட்டீர்கள், எத்தனை நாள் பட்டினி என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் தேவையா, 1000 தொடரலாமா, பழைய அளவுக்கே போகலாமா என்று அவர் சொல்லட்டும்.

குடியை விடுவது பற்றி என் கருத்தைக் கேட்டால், மூன்று மாதம் முழுசாக விடுங்கள் என்பேன். எச்பிஏ1சி பரிசோதனை கிட்டத்தட்ட அந்த மூன்று மாதச் சர்க்கரையைத்தான் காட்டும். 14 வேளையும் மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, மது இல்லை என்று இருந்துவிட்டு அதைச் செய்தால் மருந்து உங்களுக்கு வேலை செய்கிறதா என்று முதல் முறையாக உண்மையான பதில் கிடைக்கும். ஒரு விஷயம். கடிதத்தில் எழுதாத நாட்களிலும் குடிப்பதுண்டு, குடிக்காவிட்டால் காலையில் கை நடுங்குகிறது என்றால் திடீரென்று நிறுத்த வேண்டாம், அதையும் டாக்டரிடம் சொல்லி அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

அம்மா. வெள்ளி, சனியில் நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம், 29 வயதுப் பெண்ணை நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மகளுக்கு எடை குறையாததற்குத் தன் கைச் சமையல்தான் காரணம் என்று ஒரு தாய் அடுப்படியில் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறார். அதை நீங்கள் பார்த்துக்கொண்டு ‘பாவம்’ என்று எழுதுகிறீர்கள். பெற்றவள் மேல் பழியைப் போட்டு நம் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். உன் சமையலில் குறை இல்லை, சில நாள் நான்தான் சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டுக்கொண்டிருந்தேன் என்று அந்த அளவுக்காவது சொல்லுங்கள்.