மூன்றாம் வகுப்புக்கு என் கதை கடினமா?

கேள்வி: ராயக்கோட்டைப் பக்கம் மாலை நேர வகுப்பு நடத்துகிறேன். 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நானே சில கதைகள் எழுதியிருக்கிறேன். ஒரு இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் 'கல்லூரி நிலை' என்று வருகிறது. ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் வாசிப்பு நிலைச் சான்று வாங்கித் தருகிறேன் என்கிறார். நானே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: முதலில் அந்த 1,500 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் கதைக்கு வாசிப்பு நிலைச் சான்று கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இப்படிக் கேட்கிறவர்கள் செய்வது என்ன தெரியுமா? நீங்கள் போட்ட அதே மாதிரி தளத்தில் உங்கள் கதையைப் போட்டு, வந்த எண்ணை லெட்டர்பேடில் அச்சடித்து, முத்திரை குத்தித் தருகிறார்கள். கதைப் புத்தக அட்டையில் '8 வயதுக்கு மேல்' என்று போடுகிற சில பதிப்பாளர்களும் இதே வகைதான். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

அந்தத் தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் செய்தவை. 1948இல் வந்த பிளெஷ் சூத்திரம், 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காக அதைத் திருத்திச் செய்த சூத்திரம், இவைதான் அவற்றின் அடிப்படை. வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று எண்ணுவார்கள். அசையைக் கண்டுபிடிக்க இந்தத் தளங்கள் தேடுவது a, e, i, o, u என்ற எழுத்துகளை. தமிழில் அவை ஏது? அதனால் வருகிற எண்ணுக்குப் பொருளே இல்லை. 'திரு.', 'கி.மீ.' என்று எழுதினால் அந்தப் புள்ளியை வாக்கியத்தின் முடிவு என்று எடுத்துக்கொள்கிற தளங்களும் உண்டு. கல்லூரி நிலை என்று வந்தாலும், ஒன்றாம் வகுப்பு என்று வந்திருந்தாலும், நம்ப வேண்டாம்.

நீங்கள் பேனாவும் தாளும் வைத்தே பார்த்துவிடலாம். உங்கள் கதையில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

'கிருஷ்ணகிரி அணைக்கு அருகிலுள்ள தோப்பில் காய்த்துத் தொங்கிய மாங்கனிகளைக் கண்டு வியந்த முத்து, அவற்றைப் பறித்துத் தரும்படி தாத்தாவிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென வீசிய பலத்த காற்றில் கிளை முறிந்து விழுந்தது.'

இடைவெளியை வைத்து எண்ணினால் 23 சொல். ஆனால் தமிழில் சொல்லை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். 'கேட்டுக்கொண்டிருந்தபோது' ஒரே சொல்லாகத்தான் கணக்கில் வரும், அதில் 12 எழுத்து இருக்கிறது. சேர்த்து எழுதச் சேர்த்து எழுத எண்ணிக்கை குறையும், படிப்பதோ கடினமாகும். அதனால் சொல்லோடு சேர்த்து வினைகளையும் எண்ணுங்கள். காய்த்து, தொங்கிய, கண்டு, வியந்த, பறித்து, தரும்படி, கெஞ்சி, கேட்டுக்கொண்டிருந்தபோது, வீசிய, முறிந்து, விழுந்தது. 'அருகிலுள்ள' என்பதில் ஒளிந்திருக்கிற 'உள்ள'வை விட்டுவிட்டாலும் பதினொன்று! யார் என்ன செய்தார்கள் என்று தெரிய, குழந்தை கடைசிச் சொல் வரை எல்லாவற்றையும் மனதில் சுமந்துகொண்டு வர வேண்டும். 3ஆம் வகுப்புக்கு ஒரு வாக்கியத்தில் இரண்டு வினை, மிஞ்சிப்போனால் மூன்று. சொல் ஆறேழுக்குள் இருக்கட்டும். இது என் கைக்கணக்கு, அரசாணை இல்லை.

இப்போது பிரித்து எழுதுவோம்:

'முத்து மாந்தோப்புக்குப் போனான். தோப்பு அணைக்குப் பக்கத்தில் இருந்தது. மரத்தில் நிறைய மாம்பழம் தொங்கியது. "தாத்தா, எனக்குப் பழம் பறித்துத் தாங்க" என்று கேட்டான். அப்போது பெரிய காற்று வீசியது. ஒரு கிளை முறிந்து விழுந்தது.'

மொத்தம் 26 சொல், 6 வாக்கியம். சராசரி நான்கு சொச்சம். எண்ணிக்கை அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்று தொலைந்துபோனது. கிளை எதனால் விழுந்தது? பழைய வாக்கியத்தில் 'காற்றில்' என்று இருந்தது, புதியதில் குழந்தையே ஊகிக்க வேண்டும். வெட்டுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கடைசி வாக்கியத்தை 'ஒரு கிளை காற்றில் முறிந்து விழுந்தது' என்று ஆக்குங்கள். சராசரி நாலரை ஆகும், ஆகட்டும்.

அப்புறம் சொற்பழக்கம். ஆங்கிலத்தில் 1948இலேயே டேல், சால் என்ற இருவர் ஒரு முறை கொண்டுவந்தார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சுமார் 3,000 சொற்களைப் பட்டியலிட்டு, அதில் இல்லாதவற்றை எண்ணுவது அந்த முறை. பாடநூல் எழுதுகிறவர்கள் தமிழுக்கும் இப்படி வகுப்புவாரியாக ஒரு பட்டியல் போட்டு ஊர்ப் பள்ளிவரை அனுப்பியிருந்தால், நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்காது. பயிற்சி வகுப்புக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், ஒரு சொற்பட்டியல் தர மனமில்லை. சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம். 1, 2ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களையும், 3ஆம் வகுப்பில் நடத்தி முடித்த பாடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையிலிருந்து தொடர்ச்சியாக 100 சொல் எடுத்து, புத்தகத்திலும் இல்லாத, பிள்ளைகள் வாயிலும் வராத சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். கிளையை, கிளையில், கிளைகள் எல்லாம் ஒரே சொல். ஆள் பெயர், ஊர்ப் பெயருக்குக் கோடு வேண்டாம். நீங்கள் கூட இருந்து படிக்கவைப்பதானால் ஐந்து கோடு வரை தாங்கும். குழந்தை தனியாகப் படிக்க வேண்டுமென்றால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே பார்த்த ஒரே வாக்கியத்தில் மாங்கனி, வியந்த, பலத்த என்று மூன்று வந்துவிட்டது.

உங்கள் ஊர் என்பதால் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டையிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வரை வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குப் பாடநூலில் இருக்கிற சொல் என்பதாலேயே அது பழகிய சொல் ஆகிவிடாது. 'கேழ்வரகுக் களி' என்று எழுதினால் நின்றுவிடுகிற குழந்தை 'ராகிக் களி' என்றால் கடகடவென்று போய்விடும், ஏனென்றால் ராகி மூன்று மொழி வீட்டிலும் புழங்குகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. 'மாவு' நமக்கு எளிய சொல், எந்தப் பட்டியலிலும் அடிக்கோடு விழாது. கன்னடத்தில் மாவு என்றால் மாமரம், மாங்காய். 'பாட்டி மாவு அரைத்தாள்' என்று படித்துவிட்டு, பாட்டி ஏன் மாங்காயை அரைக்கிறாள் என்று ஒரு பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கலாம். தடங்கலில்லாமல் படித்துவிடுவதால் உங்களுக்கும் சந்தேகம் வராது. இதை எந்த எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்காது.

அதனால் எண்ணி முடித்த பிறகு, வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையை விட்டுவிட்டு, நடுத்தரமாகப் படிக்கிற மூன்று பேரைக் கூப்பிடுங்கள். ஒருவர் தமிழ் வீடு, ஒருவர் தெலுங்கு, ஒருவர் கன்னடம். தனித்தனியாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, நிற்கிற இடத்தில் உங்கள் பிரதியில் புள்ளி வையுங்கள். பிறகு கதையை அவரவர் வீட்டு மொழியில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டால் தெரிந்த அக்கா யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். மூவரும் நின்ற சொல்லை மாற்றிவிடுங்கள். ஒருவர் மட்டும் நின்ற சொல், அல்லது நிற்காமல் தப்பாகப் புரிந்துகொண்ட சொல், கதைக்கு வேண்டியது என்றால் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு சின்னப் படம் வரைந்துவிட்டு ஜெராக்ஸுக்குக் கொடுங்கள்.