நட்சத்திரம் விழும் ராத்திரிகள்

மேடம், எனக்கு 36 வயது. காலையில் காபி மட்டும், மதியம் இரண்டு சப்பாத்தி என்று கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன். ஆனால் வாரத்தில் மூன்று நாலு ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிறேன். நிறுத்த முடியவில்லை. அப்புறம் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஐந்தாறு மாதமாக இப்படித்தான். "விசேஷ வீட்டில் எல்லாரும்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள், நீ வாயைக் கட்டு" என்கிறாள் அக்கா. இது வியாதியா, என் பலவீனமா?
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் வாங்குபவர், நாலு பேர் நடுவில் பேசிச் சிரித்துக்கொண்டு ருசித்துச் சாப்பிடுகிறார். போதும் என்று தோன்றினால் இலையை மடித்துவிடுவார். வயிறு கனத்தால் வெற்றிலை போட்டுக்கொள்வார், மறுநாள் அதை மறந்தும்விடுவார். நிறுத்த முடியாமல் தனியாகச் சாப்பிடுவதும், பிறகு தன்மேலேயே அருவருப்பு வருவதும் அவருக்குக் கிடையாது. அக்கா அன்பாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நீங்கள் சொல்வதைப் போன்ற நிலைக்கு பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் மனநோய்களைப் பட்டியலிடும் தன் கையேட்டில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாவது இப்படி நடக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஒரு அளவுகோல். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பலவீனம் என்று இதை நினைக்காதீர்கள். ஒன்று மட்டும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ வெளியேற்றுகிறீர்களா? ஆம் என்றால் அது வேறு நோய். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறலாம், தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இனி சிகிச்சைக்கு வருகிறேன். எல்லோரும் ராத்திரியோடு மல்லுக்கு நிற்கிறார்கள். நாங்கள் பகலில் தொடங்குகிறோம்.

என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடச் சொன்னேன்: மணி, என்ன சாப்பிட்டேன், எங்கே, கட்டுப்பாடு போனதா, அப்போது மனதில் என்ன. கட்டுப்பாடு போயிருந்தால் நான்காவது கட்டத்தில் ஒரு நட்சத்திரம். கலோரி எழுதக் கூடாது. முதல் வாரம் அவர் மறுநாள் காலையில் யோசித்து எழுதினார், கடைசிக் கட்டம் காலியாகவே கிடந்தது. மனதில் ஓடியது மறுநாள்வரை நிற்காது. சாப்பிட்ட கையோடு எழுதச் சொன்னேன். அதன்பிறகு வந்த ஒரு பக்கம் இது: 7.10 காபி. 1.15 தயிர்சாதம் கொஞ்சம், ஸ்டாஃப் ரூம். 6.40 டீ. 11.20 மீந்த சோறு, பிரெட் ஆறு துண்டு, மிக்சர் அரை பாக்கெட், சர்க்கரை, சமையலறையில் நின்றுகொண்டே, நட்சத்திரம். கடைசிக் கட்டத்தில், "நாளைக்கு ஒன்றும் சாப்பிடக் கூடாது."

வீட்டுச் சண்டைதான் காரணம் என்று அவர் நம்பியிருந்தார். இரண்டு வாரப் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை சண்டை நடந்தும் நட்சத்திரம் இல்லை, அன்று மூன்று வேளையும் சாப்பிட்டிருந்தார். நட்சத்திரம் விழுந்த நாட்களில் எல்லாம் பகலில் ஐந்தாறு மணி நேரம் வயிறு காய்ந்திருந்தது. ராத்திரி அளவு மீற, அதற்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி கிடக்க, அந்தப் பட்டினியே அடுத்த ராத்திரியைக் கொண்டுவந்துவிடுகிறது.

அதனால் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி என்று நேரம் குறித்தோம். 8 மணிக்கு இட்லி, 11-க்கு வாழைப்பழம், 1.30-க்கு சோறு, 4.30-க்கு சுண்டல், 8-க்கு தோசை, படுக்குமுன் பால். எந்த இடைவெளியும் நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசிக்கிறதோ இல்லையோ, மணியைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் இத்தனை மாதம் குழம்பிய பசியை இப்போதைக்கு நம்ப முடியாது. இதில் கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று: ராத்திரி அளவு மீறிய மறுநாளும் 8 மணி இட்லியை விடக் கூடாது. அவர் அங்கேதான் தடுமாறினார். அது பிடிபட்ட பிறகு, வாரம் நாலாக இருந்த நட்சத்திரம் ஒன்றானது. மிச்சமிருந்த அந்த ஒன்று பசியால் வந்ததல்ல, அம்மாவோடு போனில் பேசிய ராத்திரிகளில் வந்தது. அதற்கு அடுத்த கட்டச் சிகிச்சை இருக்கிறது.

எடை குறையும் என்று எதிர்பார்த்து இதைத் தொடங்காதீர்கள், இந்தச் சிகிச்சையின் இலக்கு அதுவல்ல. எடை வாரம் ஒரு தரம் பார்த்தால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், சாப்பாட்டு நேரத்தை மாற்றுமுன் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நாலு வாரம் செய்தும் நட்சத்திரம் குறையாவிட்டால் தனியாகப் போராட வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கப் போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.