நான்கு பக்கமும் ஒரு பக்கமும்

அன்புள்ள ஐயா, உங்கள் சிறுகதையில் ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர் தன் நான்கு பக்கச் சுயவிவரத்தைக் கிழித்துவிட்டு ஒரே பக்கத்தில் எழுதுவது மனதைப் புண்படுத்தியது. 30 வருட உழைப்புக்கு அவ்வளவுதான் மதிப்பா? அவரைப் போலவே நானும் ஓய்வுபெற்ற முதல்வர்தான், பள்ளி ஆட்சிக்குழுக்களில் இடம் தேடுகிறேன். கடைசியில் அவருக்கு இடம் கிடைத்ததா?
— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

இடம் கிடைத்ததா என்பது கதைக்குத் தேவைப்படவில்லை, விடுங்கள். அந்த நான்கு பக்கம்தான் கொஞ்ச நாளாக என் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கோபம் தப்பான இடத்தில் வருகிறது. அந்தப் பக்கங்களில் இருந்தது என்ன? வகித்த பதவிகள், வாங்கிய விருதுகள், கலந்துகொண்ட பயிலரங்குகள். அது வேலை கேட்டுப் போகிறவர் எழுதுவது. பள்ளியை நடத்துவது முதல்வரின் வேலை. அவர் சரியாக நடத்துகிறாரா, பணம் எங்கே போகிறது, பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார்ப்பது ஆட்சிக்குழுவின் வேலை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய அறக்கட்டளையின் குழுவில் இருந்தேன். ஓய்வுபெற்ற முதல்வர் ஒருவர் சேர்ந்தார், தங்கமான மனிதர். ஒரு கூட்டத்தில் எட்டாம் வகுப்புக்குக் கடைசிப் பாடவேளையில் கணக்கு வைக்கலாமா என்று 40 நிமிடம் பேசினார். எதிரே இருந்த இளம் முதல்வர், பாவம், பென்சிலால் குறித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தணிக்கை அறிக்கை வந்தது. எல்லோருக்கும் களைப்பு. ஐந்தே நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தோம். கட்டடத்துக்கென்று வந்த நன்கொடையிலிருந்து சம்பளம் போயிருப்பதாக 12ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. மறுவருடம் நன்கொடையாளர் வந்து கேட்டபோதுதான் அதைப் படித்தோம். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அதனால்தான் கதையில் அவரைத் திருப்பி எழுத வைத்தேன். '12 ஆண்டுகள் முதல்வராகத் திறம்படப் பணியாற்றினேன்' என்ற வரியை அடித்துவிட்டு, 'சேர்க்கை குறைந்து பற்றாக்குறை வந்த வருடம், பாதி காலியாக இருந்த இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினேன். ஓய்வுபெற்றவர்களின் இடங்களை நிரப்பவில்லை. யாரையும் வேலையைவிட்டு அனுப்பாமல் இரண்டு வருடத்தில் வரவும் செலவும் நேரானது' என்று எழுதுகிறார். இதைப் படிக்கிற குழுத் தலைவருக்கு, இவரை நிதிக்குழுவில் உட்காரவைக்கலாம் என்று தெரிந்துவிடும். உழைப்பு எங்கே அழிந்தது டீச்சர்? இப்போதுதான் கண்ணுக்கே தெரிகிறது.

யோசனை சொல்வது மட்டும்தான் பிடிக்கும் என்றால் ஆலோசனைக்குழு போதும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அங்கே பொதுவாக வாக்கும் இல்லை, சட்டப் பொறுப்பும் இல்லை. நீங்கள் முதல்வராக இருந்த பள்ளியின் குழுவுக்கு மட்டும் போகாதீர்கள். உங்களுக்குப் பின் வந்தவர் மூச்சுவிட முடியாது.

யாராவது கூப்பிட்டால், சரி என்று சொல்வதற்கு முன் கடைசி மூன்று வருடத் தணிக்கை அறிக்கைகளையும் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் குழு வேண்டாம். தந்தால் சின்ன எழுத்துவரை படித்துவிட்டுப் போங்கள்.